அரிசியான பணமும் மனையான பணமும்

பதிவுத் தபால் வந்தது 2024 அக்டோபரில். வாரத்தில் மூன்று நாள் நான் திண்டிவனம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன், இரண்டு நாள் ரயிலேறிச் சென்னை அலுவலகம் போவேன். அன்று வீட்டில் இருந்தேன். உறையில் மனைவியின் பெயர். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கி, யோசிக்காமல் பிரித்துவிட்டேன். அவள் பெயருக்கு வந்ததை நான் ஏன் பிரித்தேன் என்ற கேள்வி அப்போது வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி அங்கேயே முடிந்திருக்கும்.

உள்ளே நகைக்கடன் அறிவிப்பு. ஐந்து பவுன், அசல் 1,30,000, ஒரு வருட வட்டி சேர்த்து ஏறக்குறைய 1,43,000. இரண்டு வாரத்துக்குள் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அடகு வைத்த தேதி 2022 செப்டம்பர். இரண்டு வருடமாக ஐந்து பவுன் வீட்டில் இல்லை, எனக்குத் தெரியவில்லை.

மாலையில் வந்தவளிடம் கடிதத்தை நீட்டினேன். நைட்டிக்கு மாறாமல், பையைக்கூட கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள். தம்பியின் இஞ்சினியரிங் கடைசி வருஷம். அந்த வருஷம் அவள் அப்பாவுக்கு மல்லாட்டையில் போட்ட காசு திரும்பவில்லை. கட்டணம், ஹாஸ்டல் பாக்கி எல்லாம் சேர்ந்து நின்றது. நகையை வைத்துக் கொடுத்தாள். மாதம் ஆயிரம் ஆயிரமாகச் சம்பளத்தில் ஒதுக்கி, முதல் வருட முடிவில் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தாள். இந்த வருடம் வட்டியை மட்டும் கட்டினால் போதாது, அசலையும் கட்டித்தான் திருப்பி வைக்கணும் என்றுவிட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் என்ன இல்லைன்னா சொல்லப்போறேன்?"

"இல்லைன்னு சொல்லமாட்டீங்க. ஆனா கணக்குக் கேப்பீங்க."

கோபமாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் அடுத்து கேட்டது வேறு.

"நீங்கதான் ஃபண்டுல போட்டு வெச்சிருக்கீங்கல்ல, மூணரை லட்சம் வந்திருக்குன்னு சொன்னீங்க. அதுல எடுத்து இப்ப கட்டிடலாமா?"

அந்த ஃபண்டு இல்லை.

கோபப்படும் உரிமையை நான் அந்த நிமிடத்தில் இழந்தேன். பதினெட்டு மாதமாக மாதம் இருபதாயிரம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது நிஃப்டி ஆப்ஷனில் போய்க்கொண்டிருந்தது. கோடிங் தெரிந்தவனுக்கு வரும் வியாதி இது: பழைய விலைகளை இறக்கி, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அந்தப் பழைய விலைகளிலேயே ஓட்டிப் பார்த்தால் எப்போதும் லாபம் வரும். நிஜச் சந்தையில் முதல் மூன்று மாதம் லாபமும் வந்தது. அப்புறம் வரவில்லை. போட்டது 3,60,000. அன்றைக்கு மிச்சம் 1,20,000.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் செபி ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள், நட்டம் ஆளுக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு லட்சம். அதை நான் அலுவலகத்தில் இருந்தபடி போனில் படித்தேன். படித்துவிட்டு, அந்தத் தாவலை மூடிவிட்டு, அடுத்த ஆர்டர் போட்டேன். மற்ற ஏழு சதவீதத்தில் நான் இருப்பேன் என்று நினைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை வீட்டில் சொல்லவேண்டாம், அவ்வளவுதான் என் திட்டம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள், தூங்கவைத்தாள். பத்தரை மணிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. "எழுதுவோம்" என்றாள்.

முதலில் செய்தது எளிது. மிச்சமிருந்த 1,20,000-ஐ எடுத்து, இரண்டு பேர் கணக்கிலும் கிடந்ததைச் சேர்த்து, அந்த வாரமே நகையை மீட்டோம். ஒன்பதரை சதவீத வட்டி ஓடுகிற கடனை அடைப்பதும், ஒன்பதரை சதவீதம் நிச்சயமாகத் தரும் இடத்தில் பணம் போடுவதும் ஒன்றுதான். எந்த ஃபண்டும் அந்த நிச்சயத்தைத் தராது.

கஷ்டமானது அதற்கப்புறம் வந்தது. நோட்டில் இரண்டு பத்தி போட்டாள். இடப்பக்கம் யார் சம்பளம் எங்கே போகிறது, வலப்பக்கம் எது யார் பேரில் இருக்கிறது.

அவளுடைய கைக்கு வரும் சம்பளம் 23,000. அதில் மளிகை, பால், காய்கறி, கேஸ், மகளின் வேன் எல்லாம் சேர்த்து 16,000. ஒரு சீட்டு, மாதம் ஐந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. நகை வட்டிக்கு ஆயிரம். முடிந்தது. எனக்கு வருவது 88,000. வாடகை 9,000, ஊரில் அம்மாவுக்கு 8,000, ரயில், பெட்ரோல் 6,000, பள்ளிக் கட்டணம், போன், ஹோட்டல், மருந்து என்று 12,000. ஒலக்கூர் பக்கம் 2021-இல் வாங்கிய மனைக்கு மாதத் தவணை 14,000. அப்புறம் அந்த இல்லாத ஃபண்டு. இன்சூரன்ஸும் சில்லறைச் செலவும் போக மிச்சம் கணக்கில் கிடக்கும்.

வலப்பக்கத்தை அவளே படித்தாள். மனை, என் பேரில். பிஎஃப், என் பேரில். ஃபண்டு என்று இருந்திருந்தால் அதுவும் என் பேரில். அவள் பேரில் இருந்தது நகை மட்டும். அதுவும் நேற்று வரை அடகில்.

"பாத்தீங்களா," என்றாள். "என் பணம் அரிசியாயிடுது. உங்க பணம் மனையாயிடுது."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. வகுப்பில் கரும்பலகையில் ஒரு விடை வந்ததும் சொல்வார்களே, அந்தக் குரல். எட்டு வருடமாக ஒரு பைசா ஏமாற்றாமல், சண்டை போடாமல், 'சின்னச் செலவை நீ பாத்துக்கோ, பெருசை நான் பாத்துக்கறேன்' என்று நாங்கள் பிரித்துக்கொண்டதன் விளைவு இது. சின்னச் செலவு சாப்பிட்டதும் தீர்ந்துவிடும். பெரிய செலவு பத்திரமாகப் பீரோவில் உட்காரும். இரண்டும் இல்லாமல் குடும்பம் ஓடாது, ஆனால் காகிதத்தில் ஒருத்தர்தான் இருப்பார். அவள் ஏன் என்னைக் கேட்காமல் நகையை வைத்தாள் என்பதற்கும் இதுதான் காரணம். கேட்காமல் தொடக்கூடியது என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் பல வருடம் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியவர், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர். சொத்து எல்லாம் தன் சம்பாத்தியம் என்று கணவர் தொடுத்த வழக்கு, அவர் இறந்த பிறகும் பிள்ளைகள் வழியாக நடந்தது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அப்படிச் சேர்ந்த சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. அது அந்த வழக்கின் சொத்துகளுக்கான முடிவு. எல்லா மனைவிக்கும் தானாகவே பாதி என்று சட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. அதைச் சொல்ல ஒரு பெண் அத்தனை வருடம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. நோட்டில் ஒரு கோட்டை மாற்றிப் போட அத்தனை வருடம் ஆகாது.

நாங்கள் மாற்றிப் போட்டோம். அந்த மாதத்திலிருந்து வீட்டுச் செலவு முழுக்க என் சம்பளத்தில்: வாடகை, மளிகை, பால், வேன், எல்லாம். அவள் சம்பளம் சேமிப்புக்கு, அவள் பேரில்.

இதில் வருமான வரிக் கணக்கும் இருக்கிறது, பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். வரி மிச்சமாகும் என்று கணவன் தன் பணத்தை மனைவிக்குக் கொடுத்து அவள் பேரில் டெபாசிட் போட்டால், அந்த வட்டி மறுபடி கணவனின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். பேர் மாறினாலும் வரி மாறாது. ஆனால் மனைவி தன் சொந்தச் சம்பளத்தைச் சேமித்தால் அதன் வருமானம் அவளுடையதே. கணவன் தன் சம்பளத்தில் குடும்பத்துக்கு அரிசி வாங்கினால் அது முதலீடில்லை, சேர்த்துக் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே குறைந்த சம்பளக்காரர் சேமிப்பதும், கூடுதல் சம்பளக்காரர் செலவழிப்பதும் சட்டப்படியும் சரி, வீட்டுக்கும் நல்லது. நாங்கள் எட்டு வருடம் தலைகீழாகச் செய்திருக்கிறோம்.

அடுத்த ராத்திரி சீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "சீட்டெல்லாம் வேஸ்ட்டு" என்று நான் வழக்கமாகச் சொல்வேன். இரண்டரை லட்சம் தொலைத்தவன் அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

தெருவில் ஓர் அக்கா நடத்தும் ஏலச்சீட்டு. இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு ஐந்தாயிரம், மாதம் ஒரு லட்சம் சேரும். யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார். முதல் மாதம் ஒருவர் முப்பதாயிரம் தள்ளி எழுபதாயிரத்துக்கு எடுத்தார். தள்ளிய முப்பதில் ஐந்தாயிரம் நடத்துபவருக்கு. மீதி இருபத்தைந்தை இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. ஆகவே அந்த மாதம் எல்லாரும் கட்டியது 3,750தான். மாதம் போகப்போக அவசரக்காரர்கள் குறைவார்கள், தள்ளும் குறையும், கட்டும் தொகை ஐந்தாயிரத்தை நெருங்கும். கடைசி மாதம் போட்டிக்கு ஆளில்லை, மிச்சமிருப்பவர் நடத்துபவரின் பங்கு போக 95,000 வாங்குவார்.

அவள் பதிமூன்று மாதத் தள்ளையும் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தாள். மீதி ஏழு மாதமும் அதே சீராகக் குறையும் என்று வைத்துக்கொண்டால், கடைசிவரை இருப்பவர் மொத்தம் கட்டுவது 87,500. வாங்குவது 95,000. லாபம் 7,500, எட்டரை சதவீதம். "இருபது மாசத்துக்கு எட்டரைதானே, பேங்க்லயே கெடைக்கும்" என்றேன்.

"எல்லாப் பணமும் இருபது மாசமா இருக்கு? முதல் மாசம் கட்டுனது பத்தொம்பது மாசம் இருக்கு. கடைசி மாசம் கட்டுனது அன்னைக்கே திரும்பி வருது."

சரிதான். சராசரி எடுத்தால் ஒவ்வொரு ரூபாயும் ஒன்பது மாதம்தான் வெளியே இருக்கிறது. ஒன்பது மாதத்துக்கு எட்டரை என்றால் வருடத்துக்குப் பதினொன்றுக்கு மேல். இன்ஜினியருக்குக் கணக்கு டீச்சர் பாடம் எடுத்த ராத்திரி அது.

அதே சீட்டை மூன்றாவது மாதம் எடுத்தவரின் கணக்கையும் போட்டோம். அவர் கையில் வாங்கியது சுமார் 72,600. அவரும் மொத்தம் கட்டப்போவது அதே 87,500. பதினைந்தாயிரம் அதிகம், சராசரி எட்டு மாதத்துக்கு. ஊர்ப் பேச்சில் சொன்னால் மாதம் ரெண்டரை வட்டி. சீட்டு ஒன்றுதான். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு அது கடன், ஒன்பதரை சதவீத நகைக்கடனைவிடப் பல மடங்கு விலையுள்ள கடன். சீட்டு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை, எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

அந்தப் பதினொரு சதவீதமும் சும்மா வருவதில்லை என்பதை அவளும் ஒப்புக்கொண்டாள். கடைசியாக எடுப்பவர்தான் நடத்துபவரை அதிகம் நம்பியிருக்கிறார். ஏற்கெனவே எடுத்த பத்தொன்பது பேரில் இரண்டு பேர் கட்டாமல் போனாலும், அந்த அக்கா ஊரைவிட்டுப் போனாலும் அடி கடைசி ஆளுக்கு. 1982-ஆம் வருட சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்த சீட்டென்றால், நடத்துபவர் ஆரம்பிக்கும் முன்பே சீட்டுத் தொகைக்கு ஈடான பிணை காட்டியிருக்க வேண்டும், பதிவாளரிடம் புகார் போகலாம். தெருச் சீட்டில் நம்பிக்கை மட்டும்தான் பிணை. இந்தச் சீட்டை முடிப்பது, அடுத்தது போட்டால் பதிவு செய்த இடத்தில் மட்டும் என்று எழுதினாள். நான் சொல்லி அவள் எழுதவில்லை, கணக்குச் சொல்லி எழுதினாள்.

இலக்குகளுக்கு மூன்று ராத்திரி ஆனது. 'வீடு கட்டணும், பாப்பாவ நல்லா படிக்கவைக்கணும்' என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: தேதியும் தொகையும் இல்லாததை நோட்டில் எழுதக்கூடாது.

எழுதத் தொடங்கியதும் முதல் சிக்கல் வந்தது. மகளுக்கு ஐந்து வயது. தபால் ஆபீசில் செல்வமகள் கணக்குத் தொடங்கி மாதம் நாலாயிரம் போடலாம், வட்டி 8.2 சதவீதம், அரசாங்கப் பொறுப்பு, பாப்பாவின் படிப்புக்கு அது போதும் என்று நான் நினைத்திருந்தேன். தேதியை எழுதச் சொன்னாள். கல்லூரிக்குப் பணம் தேவைப்படுவது 2037. செல்வமகள் கணக்கு முதிர்வது தொடங்கியதிலிருந்து இருபத்தொரு வருடம் கழித்து. பாப்பாவுக்கு அப்போது இருபத்தாறு. பத்தாம் வகுப்பு முடித்தாலோ பதினெட்டு வயதானாலோ படிப்புக்கு எடுக்கலாம், ஆனால் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்ததில் பாதி வரைதான். வட்டி இப்படியே நீடித்தால் 2037-இல் அதில் ஏறக்குறைய பத்து லட்சம் இருக்கும், எங்கள் கைக்கு வருவது ஐந்து. மீதி அவள் வேலைக்குப் போன பிறகு வரும்.

திட்டத்தில் குறையில்லை. எங்கள் தேதியும் அதன் தேதியும் ஒன்றில்லை, அவ்வளவுதான். ஆகவே செல்வமகளில் இரண்டாயிரம், ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் நாலாயிரம் என்று பிரித்தோம். பதிமூன்று வருடம் இருப்பதால் ஏற்ற இறக்கத்தைத் தாங்கலாம், 2034-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டெபாசிட்டுக்கு மாற்றவேண்டும் என்றும் எழுதினோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கும் மாதத்தில் சந்தை விழுந்தால் கல்லூரி காத்திருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் முதல் வரி: ஆறு மாதச் செலவுக்கு மூன்று லட்சம், 2025 டிசம்பருக்குள், இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்கில். மூன்றாவது வரி, வீடு. மனையின் கடன் முடியாமல் கட்டடம் இல்லை. அடுத்து ஏதாவது சின்ன மனை வாங்கினால் அவள் பேரில். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று அரசு பின்னர் அறிவித்தபோது, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

யார் எதைப் பார்ப்பது என்பதில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. இண்டெக்ஸ் ஃபண்டு என் துறை என்று நினைத்தேன். ஆப் தெரியும், சந்தை தெரியும்.

"அதனாலதான் வேணாம்," என்றாள். "அது சும்மா கெடக்கவேண்டிய பணம். உங்களால சும்மா இருக்க முடியாது."

ஃபண்டு அவள் பேரில், பாஸ்வேர்டு அவளிடம். சீட்டு, தபால் ஆபீஸ், நகை, அவசரக் கணக்கு எல்லாம் அவள். பிஎஃப், டேர்ம் இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீடு, மனைக் கடன், இரண்டு பேருக்கும் வரித் தாக்கல் எல்லாம் நான். வருடத்துக்கு ஒருமுறை காகிதம் கேட்பவை, மறந்தால் அபராதம் வருபவை எனக்கு. பொறுமை கேட்பவை அவளுக்கு. எஃப் அண்ட் ஓ பிரிவை என் புரோக்கர் கணக்கிலிருந்தே முடக்கினேன், அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

பார்ப்பது ஒருத்தர், ஆனால் தெரிந்திருப்பது ரெண்டு பேரும் என்பது விதி. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி பீரோவில் வைத்தோம்: எங்கே கணக்கு, யார் பேர், நாமினி யார். அந்த நாமினி பத்தியை நிரப்பும்போது பிஎஃபில் அம்மாவின் பேர் இருந்தது தெரிந்தது. முதல் வேலையில் சேர்ந்தபோது எழுதியது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பிஎஃப் நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது. அதாவது எட்டு வருடமாக அந்தக் கணக்குக்கு நாமினியே கிடையாது. இணையத்தில் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மாவிடம் சொல்லத்தான் ஒரு வாரம் ஆனது. அம்மா கேட்டுவிட்டு, "இத இத்தன நாளா செய்யாம என்னடா பண்ணிட்டிருந்த?" என்றாள்.

அம்மாவுக்கு அனுப்பும் எட்டாயிரத்தைப் பற்றியும் பேசினோம். அதை நான் யாரையும் கேட்டு அனுப்பியதில்லை. யாரும் என்னைக் கணக்குக் கேட்டதும் இல்லை. அவள் தன் தம்பிக்குக் கொடுக்க நகையை ஒளித்து வைக்கவேண்டியிருந்தது. மாமாவுக்கு நாலாயிரம் என்று ஒரு வரி சேர்த்தேன். அவள் வேண்டாம் என்றாள், அப்புறம் அழித்துவிடவில்லை. ஆளுக்கு மூவாயிரம் 'கேட்காத பணம்' என்றும் ஒரு வரி. அதில் என்ன செய்தாலும் மற்றவர் கேட்கக்கூடாது. பத்தாயிரத்துக்கு மேல் எதுவானாலும் ரெண்டு பேரும் பேசாமல் கூடாது.

நோட்டு எழுதி ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை. மயிலம் பக்கம்தான் என் மாமனார் வீடு. கூரையின் ஒரு பக்கம் சரிந்து, மல்லாட்டை விதைக்கு வைத்திருந்த மூட்டைகள் ஊறி, மோட்டார் சேற்றில் போனது. உடனடியாகத் தேவைப்பட்டது எண்பதாயிரம். எங்கள் அவசரக் கணக்கில் அப்போது இருந்தது முப்பத்திரண்டாயிரம்.

இந்த முறை பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சீட்டைத் தள்ளி எடுக்கலாமா என்றேன். பதினைந்தாவது மாதம், எடுத்தால் கடைசியில் கிடைப்பதில் ஆறாயிரம் ஏழாயிரம் போகும், கணக்கு அவள் வாயிலேயே இருந்தது. நகை வைத்து ஆறு மாதத்தில் மீட்டால் வட்டி அதில் பாதிகூட வராது. சனிக்கிழமை காலை ரெண்டு பேருமாகப் போய் இரண்டு பவுன் வளையலை வைத்து ஐம்பதாயிரம் வாங்கினோம். மேம்பாலத்துக்குக் கீழே மயிலம் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் சொன்னாள், "போன தடவ இதே மாதிரி நின்னேன். கையெல்லாம் நடுங்குச்சு."

அதே வளையல், அதே அடகு, வட்டியும் அதே. ஆனால் பையில் இருந்த ரசீதில் என்ன தேதி இருக்கிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

2025 ஏப்ரலில் மீட்டோம். அப்போது பவுன் எழுபதாயிரத்தைத் தொட்டிருந்தது. முதல் அடகின்போது அதில் பாதியைச் சற்றே தாண்டிய விலை. அக்டோபரில் அந்தத் தபாலை நான் பிரிக்காமல் அவளும் சொல்லாமல் ஏலத்துக்குப் போயிருந்தால் என்ன போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மே மாதம் சீட்டு முடிந்தது. அந்த அக்கா சொன்ன தேதியில் 95,000-ஐ ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி இரண்டு முறை எண்ணினாள். தொண்ணூறாயிரம் அவசரக் கணக்குக்குப் போனது. ஐந்தாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நோட்டில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கணக்குப்படி மூவாயிரம்தான் என்று சொல்ல நினைத்தேன். பேசாமல் பையை மடித்து வைத்தேன்.